மூடிய கார்டுக்குப் போன ரீஃபண்ட்: எங்கே நிற்கிறது, எப்படி வாங்குவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் ஒரே ஒரு கிரெடிட் கார்டு மூன்று குடும்பத்துக்கு உழைக்கும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் டிக்கெட், சென்னைக்கு ரயில், பேரப்பிள்ளைக்கு லேப்டாப் என்று எல்லாம் பெரியப்பா கார்டில்தான். பிறகு ஒருநாள், ஆண்டுக் கட்டணம் வீண் என்று அவர் அந்தக் கார்டை மூடிவிடுவார். அதற்குப் பிறகு எப்போதோ ரத்து செய்த டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் வரும். வந்ததாக மெயில் வரும், பணம் வராது.

எங்கள் வீட்டில் இப்படி நடந்து, விற்றவருக்கும் பேங்குக்கும் நடுவே நான்தான் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 2024 நவம்பர் 20 அன்று ஒரு பயணத் தளத்தில் 41,700 ரூபாய்க்கு மூன்று டிக்கெட். கல்யாணத் தேதி தள்ளிப்போனதால் ஜனவரியில் ரத்து. ஜனவரி கடைசியில் கார்டு மூடப்பட்டது. ரத்துக் கட்டணம் 8,850 போக 32,850 ரூபாய் அனுப்பிவிட்டோம் என்று 2025 பிப்ரவரி 14 அன்று மெயில் வந்தது.

1. கார்டு காலாவதியா, மாற்றியதா, மூடியதா என்று முதலில் பிரியுங்கள்

இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பதறுபவர்கள்தான் அதிகம். கார்டின் மேல் அச்சிட்ட மாதம் முடிந்துவிட்டது, ஆனால் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் பொதுவாகக் கவலை இல்லை. பணம் எடுக்கும்போதுதான் காலாவதித் தேதியும் பின்பக்க மூன்று எண்ணும் பார்க்கப்படும். ரீஃபண்ட் உள்ளே வரும் பணம். பழைய கார்டு எண்ணை வைத்து உங்கள் கணக்கைக் கண்டுபிடித்து பேங்க் அதிலேயே ஏற்றிவிடும். கார்டு தொலைந்து வேறு எண்ணில் புதுக் கார்டு வாங்கியிருந்தாலும் இதே கதைதான். பழைய எண் எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்பது பேங்கில் இருக்கும். புதுக் கார்டின் ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். டெபிட் கார்டு என்றால் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள்.

டெபிட் கார்டை மட்டும் முடக்கிவிட்டு சேமிப்புக் கணக்கை வைத்திருந்தாலும் பணம் கணக்குக்கு வந்துவிடும். கணக்கையே மூடியிருந்தால்தான் சிக்கல். அப்போது நேராக அந்த பிராஞ்சுக்குப் போங்கள். வரவு வைக்க இடமில்லாத பணத்தை ஒன்று திருப்பி அனுப்பியிருப்பார்கள், அல்லது பேங்கின் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டிருப்பார்கள். அதைத் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேட்டால் பார்ப்பார்கள்.

கிரெடிட் கார்டையே மூடிவிட்டீர்கள் என்பதுதான் மூன்றாவது. உண்மையான சிரமம் இதில்தான் இருக்கிறது, இனி எழுதுவது இதைப் பற்றித்தான். இதற்கு உள்ளூர் பிராஞ்ச் அதிகம் உதவாது. செக்காலை ரோட்டில் உள்ள கிளையில் மேனேஜர் நல்லவராக இருந்தாலும், கார்டுக் கணக்கு அவர் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் திறக்காது. கார்டுப் பிரிவு தனி. "கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்க அண்ணே" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

2. ரீஃபண்டின் ஏ.ஆர்.என். எண்ணை விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள்

விற்றவரின் தளத்தில் Refund Processed என்று பச்சை எழுத்தில் இருக்கும். பணம் அவர்கள் பக்கத்திலிருந்து கிளம்பியது என்பதுதான் அதற்கு அர்த்தம். உங்கள் கைக்கு வந்தது என்று அது சொல்லவில்லை. விற்றவரிடமிருந்து அவருடைய பேங்க், அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான நெட்வொர்க், அங்கிருந்து உங்கள் கார்டு கொடுத்த பேங்க் என்று பணம் நகரும். இதற்குப் பொதுவாக 5 முதல் 7 வேலைநாள் ஆகும். அதுவரை யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அதற்குமேல் ஆனால் விற்றவருக்கு ஒரே வரியில் எழுதிக் கேளுங்கள்: இந்த ரீஃபண்டின் ஏ.ஆர்.என். என்ன? ஒவ்வொரு கார்டுப் பரிவர்த்தனைக்கும் உள்ள அடையாள எண் அது, அதை வைத்து உங்கள் பேங்க் பணத்தைத் தேட முடியும். அவர்கள் பதிலில் ARN என்று போட்டு 23 இலக்க எண் ஒன்று வரும். சில இடங்களில் ஆர்.ஆர்.என். என்ற 12 இலக்க அடையாள எண்ணைத் தருவார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எண், புக்கிங் எண், ரீஃபண்ட் ஐடி எல்லாம் விற்றவரின் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள். உங்கள் பேங்க் அதை வைத்து எதையும் தேட முடியாது. கஸ்டமர் கேரில் "எங்களுக்கு எதுவும் வரலை சார்" என்று சொல்வதில் பாதி இதனால்தான். மூடிய கார்டின் எண்ணைச் சொன்னால் அவர்கள் திரையில் ஒன்றும் தெரியாது. புக்கிங் எண்ணைச் சொன்னால் அது அவர்களுக்குப் புரியாது.

3. வந்த எண் ரீஃபண்டுடையதுதானா என்று நீங்களே சரிபாருங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பல வாரங்களை மிச்சப்படுத்தும். அவசரத்தில் விற்றவர் தரப்பு, நீங்கள் முதலில் பணம் கட்டியதற்கான ஏ.ஆர்.என். எண்ணை அனுப்பிவிடுவது உண்டு. பேங்க் அதைத் தேடிப் பார்த்து, "ஆமாம், இது செலவு, சரியாக இருக்கிறது" என்று புகாரை முடித்துவிடும்.

23 இலக்கத்தில் இடமிருந்து எட்டாவது முதல் பதினொன்றாவது வரை உள்ள நான்கு இலக்கம் தேதி. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. எங்கள் கணக்கில் டிக்கெட் வாங்கிய 2024 நவம்பர் 20, அந்த ஆண்டின் 325ஆவது நாள். ஆகவே வாங்கியதற்கான எண்ணில் அந்த இடத்தில் 4325 இருக்க வேண்டும். ரீஃபண்ட் கிளம்பிய 2025 பிப்ரவரி 14, ஆண்டின் 45ஆவது நாள், அதாவது 5045. எங்களுக்கு முதலில் வந்த எண்ணில் 4325 இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி எழுதியதும், வேறு எண் வந்தது. மெயில் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் ஓரிரு நாள் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. மாதக்கணக்கில் விலகினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

4. பேங்கிடம் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்

போனில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். கார்டு பின்னால் அச்சிட்ட முகவரிக்கோ பேங்கின் சொந்தத் தளத்தில் உள்ள முகவரிக்கோ, கார்டு யார் பெயரில் இருந்ததோ அவருடைய பதிவு செய்த மெயிலிலிருந்து எழுதுங்கள். எங்கள் பெரியப்பாவுக்கு மெயில் பார்க்கும் பழக்கம் இல்லை. இருந்தாலும் அவர் முகவரியிலிருந்துதான் போக வேண்டும், மருமகனோ மகனோ தன் மெயிலில் எழுதினால் 'கணக்கு உரிமையாளர் இல்லை' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கடிதத்தில் மூடிய கார்டின் கடைசி நான்கு இலக்கம், மூடிய தேதி, ரீஃபண்டின் ஏ.ஆர்.என்., தொகை, விற்றவர் பெயர் போதும். கதை வேண்டாம். கடைசியில் கேள்வி: இந்தப் பணம் மூடிய கணக்கில் வரவாகி நிற்கிறதா, அல்லது அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில்? இரண்டில் எது என்று பதில் வந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். கார்டு மூடி கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால் வரவாகி நிற்கவே வாய்ப்பு அதிகம். மூடி நெடுங்காலம் ஆகியிருந்தால் திரும்பிப் போயிருக்கலாம். எவ்வளவு காலம் என்பது பேங்குக்கு பேங்க் மாறும், ஆகவே ஊகிக்காமல் கேளுங்கள். புகார் எண்ணை வாங்கி, தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் அந்தத் தேதியிலிருந்துதான் கெடு எண்ணப்படும்.

முழுக் கார்டு எண்ணை மெயிலில் எழுதாதீர்கள். பழைய கார்டுதானே என்று பின்பக்க மூன்று எண்ணையும் சொல்லாதீர்கள்.

இன்னொரு பொறி. கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி முதலில் வருவதற்குப் போன் போடுவது. ரீஃபண்ட் என்ற சொல்லை வைத்தே மோசடி செய்யும் கூட்டம் இருக்கிறது. "பணம் அனுப்புறேன், உங்க யூபிஐ பின்னைப் போடுங்க" என்பார்கள். பணம் வாங்க யூபிஐ பின் எண் தேவையே இல்லை. செல்போன் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

5. பேங்கில் நிற்கிறது என்றால் இந்தத் தாள்களைக் கொடுங்கள்

கார்டை மூடிய பிறகு அந்தக் கணக்கில் வரவு இருந்தால், அதை வாடிக்கையாளரின் பேங்க் கணக்குக்கு மாற்ற வேண்டும், கணக்கு விவரம் தங்களிடம் இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் கிரெடிட் கார்டுகளுக்குக் கொண்டுவந்த விதிகளில் இருக்கிறது. கடிதத்தில் இதை ஒரு வரி சேர்த்தால் வேலை வேகமாகும். உங்களுக்கு அந்த பேங்கில் சேமிப்புக் கணக்கும் இருந்தால் அதிலேயே போட்டுவிடுவார்கள். கார்டு மட்டும் அங்கே, கணக்கு வேறு பேங்கில் என்றால் நீங்கள் விவரம் தரும்வரை பணம் அப்படியே கிடக்கும். எங்களுக்கு நடந்தது இதுதான். பிப்ரவரி 18 அன்றே வரவாகியிருந்தது, கேட்பார் இல்லாமல்.

கேட்பது பெரும்பாலும் கேன்சல் செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கம், பான் கார்டு நகல், கையெழுத்திட்ட ஒரு கோரிக்கைக் கடிதம். கார்டு மூடியதற்கான கடிதமோ பாக்கி இல்லை என்ற சான்றோ இருந்தால் சேர்த்துவிடுங்கள். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. 'பிராசஸிங் கட்டணம்' என்று யாராவது கேட்டால் அது பேங்க் இல்லை.

நம் ஊரில் அடிக்கடி இடிக்கும் இடம் பெயர். கார்டில் முன்னெழுத்தோடு பெயர், பேங்க் கணக்கில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பானில் இன்னொரு விதம். பெயர் ஒத்துவரவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவரும். கார்டில் இருந்த பெயருக்கு அருகில் வரும் கணக்கையே கொடுங்கள். இல்லையென்றால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று கடிதத்தில் எழுதி ஆதார் நகலைச் சேருங்கள். மனைவி கணக்கு, மகன் கணக்கு எல்லாம் செல்லாது.

ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் ஒருமுறை பாருங்கள். வேறு பேங்கோடு இணைந்துவிட்ட பழைய பேங்கின் காசோலைப் புத்தகம் இன்னும் பல வீட்டு அலமாரியில் இருக்கிறது. லட்சுமி விலாஸ் பேங்க் 2020இல் டி.பி.எஸ். இந்தியாவோடு இணைந்தது, அலகாபாத் பேங்க் அதே ஆண்டு இந்தியன் பேங்கோடு இணைந்தது. பழைய தாளில் உள்ள எண்ணைக் கொடுத்தால் நெஃப்ட் திரும்பிவிடும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. இப்போதைய பாஸ்புக்கில் உள்ளதையே கொடுங்கள்.

கார்டை மூடும்போது ஏதாவது பாக்கி விட்டிருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் மீதி வரும். பணம் அனுப்பியதும், அந்தப் பணமாற்றத்தின் அடையாளமான யூ.டி.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிராஞ்சில் வரவைத் தேட அது போதும்.

6. திரும்பிப் போய்விட்டது என்றால் மறுபடி விற்றவரிடம்

இங்கேதான் பலர் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். பேங்க் 'எங்களிடம் இல்லை' என்கிறது, விற்றவர் திரையில் 'கொடுத்தாகிவிட்டது' என்று இருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. திரும்பிவந்த பணம் விற்றவரின் பேங்க் வழியாக அவர்களுடைய கணக்கில் மொத்தத் தொகையோடு கலந்து விழும். ஆர்டர் திரையில் அது தானாக மாறாது. கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

அதனால் பேங்க் 'திருப்பி அனுப்பிவிட்டோம்' என்று எழுதிய பதிலை, தேதியோடும் ஏ.ஆர்.என். எண்ணோடும் விற்றவருக்கு அனுப்பி, அதை அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்குத் திரும்பிய வரவு இருக்கிறதா என்று அவர்களுடைய செட்டில்மென்ட் அறிக்கையில் தேட வேண்டும். இந்தச் சொற்களை அப்படியே எழுதுங்கள்.

"பணம் வந்த வழியில்தான் திருப்பித் தர முடியும், அதுதான் விதி" என்று பதில் வரும். பாதி சரி. ஆன்லைன் பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கி விதியில், ரீஃபண்ட் முதலில் கட்டிய வழியிலேயே போக வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் வேறு வழிக்குத் தெளிவாகச் சம்மதித்தால் மாற்றலாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. ஆகவே சம்மதத்தை எழுதிக் கொடுங்கள்: கார்டு மூடப்பட்டது, இந்தத் தொகையை என் பெயரிலுள்ள இந்தக் கணக்குக்கு நெஃப்ட் மூலம் அனுப்பச் சம்மதிக்கிறேன். பணம் கட்டியவர் பெயரில் உள்ள காசோலையும் கார்டு மூடிய கடிதமும் இணைப்பு. சிலர் முத்திரைத்தாளில் உறுதிமொழி கேட்பார்கள். வாங்குவதற்கு முன் வெள்ளைத்தாள் கடிதம் போதுமா என்று கேட்டுவிடுங்கள். பல இடங்களில் போதும்.

பணத்துக்குப் பதில் கூப்பனோ தளத்தின் வாலட்டில் வரவோ தருகிறோம் என்றால் யோசித்துச் செய்யுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டால் அது முடிந்த கணக்கு. அடுத்த ஆறு மாதத்துக்குள் எங்கும் பறக்கப்போவதில்லை என்றால் அந்தக் கூப்பனுக்கு என்ன மதிப்பு?

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளையின் கார்டில் கட்டியிருந்தால் வழி வேறு. அந்த ஊர் பேங்கிடம் அந்தப் பிள்ளைதான் கேட்க வேண்டும், நம் ரிசர்வ் வங்கி விதி அங்கே ஓடாது. ஏ.ஆர்.என். மட்டும் எல்லா ஊரிலும் வேலை செய்யும். கட்டும்போது ரூபாய் விலை அந்த ஊர் வெள்ளியாகி, ரீஃபண்டில் மறுபடி ரூபாயிலிருந்து வெள்ளியாகும்போது மாற்று விகிதத்தில் கொஞ்சம் குறையலாம். அந்த வித்தியாசத்தை விற்றவரிடம் கேட்டுச் சண்டை போடாதீர்கள், கிடைக்காது.

7. பதில் வராவிட்டால் யாரிடம்

பேங்கிடம் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் பேங்க் மேல் உள்ள புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சந்தேகம் கேட்க 14448. பேங்குக்கு எழுதாமல் நேராக இங்கே போனால் ஏற்கமாட்டார்கள், அதற்குத்தான் நாலாவது படியில் அந்தப் புகார் எண்ணும் தேதியும். ரொம்பத் தள்ளிப்போடவும் கூடாது, இதற்குக் காலக்கெடு உண்டு.

விற்றவர்மேல் உள்ள புகாரை ஓம்பட்ஸ்மேன் பார்ப்பதில்லை. அதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எந்தப் பக்கம் பணம் நிற்கிறது என்று தெரியாமல் இரண்டு இடத்திலும் புகார் போட்டால் இரண்டும் மற்றவரைக் கைகாட்டி முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தை நம்பி ஏமாறாதீர்கள். 'ஐந்து நாளுக்கு மேல் ஆனால் தினம் 100 ரூபாய் பேங்க் தர வேண்டும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது 2019இல் ரிசர்வ் வங்கி சொன்னதுதான். ஆனால் பணம் கழிந்தும் பரிவர்த்தனை தோல்வியடைந்தால் மட்டும்தான் அது பொருந்தும். நீங்கள் வாங்கி, பிறகு ரத்து செய்த பொருளின் ரீஃபண்டுக்கு அது பொருந்தாது. புகாரில் அதை எழுதினால் அதற்கு மட்டும் பதில் சொல்லி, முக்கியமானதை விட்டுவிடுவார்கள்.

8. இன்னும் மூடாதவர்களுக்கு

ரத்து செய்த டிக்கெட், திருப்பி அனுப்பிய பொருள், ஓட்டல் முன்பணம் எதுவும் நிலுவையில் இல்லை என்று பார்த்த பிறகு மூடுங்கள். ஆண்டுக் கட்டணத் தேதி நெருங்கிவிட்டது, காத்திருக்க முடியாது என்றால், மூடும் விண்ணப்பத்திலேயே உங்கள் சேமிப்புக் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் கொடுத்து, பின்னால் வரும் வரவை அதில் போடச் சொல்லி எழுதுங்கள். கடைசி ஸ்டேட்மென்ட்டை இறக்கி வையுங்கள், கார்டை மூடியதும் ஆப்பில் அது தெரியாமல் போய்விடலாம். பதிவு செய்த செல் எண்ணையும் உடனே மாற்றாதீர்கள். எங்கள் பணம் மார்ச் நடுவில் வந்தது, பேங்க் கேட்ட சரிபார்ப்பு எல்லாம் பெரியப்பாவின் அந்தப் பழைய எண்ணுக்குத்தான் வந்தது.